காஃப்கா ஏன் வைக்கவில்லை?



மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் பழைய புராஜெக்ட் ஒன்றை எடுத்து விளக்கச் சொல்வார்கள். பலகையில் நாலு பெட்டி வரைந்து, அம்புக்குறி போட்டு, நாமும் சொல்லிக்கொண்டு வருவோம். எதிரே இருப்பவர் ஒரு பெட்டியைக் காட்டி "இதை ஏன் இப்படி வைத்தீர்கள்?" என்பார். பதில் சொல்வோம். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு "ஏன்" வரும், அதற்கு மேல் இன்னொன்று. மூன்றாவது கேள்வியில் பலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. "ஆமாம் சார், காஃப்கா வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்று சரணடைந்துவிடுகிறார்கள். சிலர் முதலில் சொன்ன காரணத்தையே இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டுமே கேட்பவருக்கு ஒரே செய்தியைத்தான் தருகின்றன. இவருக்கு முடிவு தெரியும், அதன் விலை தெரியாது.

ஒரு வடிவமைப்பில் எதையோ விட்டுக்கொடுத்து எதையோ வாங்குகிறோம். விட்டது என்ன, வாங்கியது என்ன, எந்த அளவு வரைக்கும் அந்தப் பேரம் கட்டுப்படியாகும் என்பது கையில் இருந்தால் எத்தனை "ஏன்" வந்தாலும் சமாளிக்கலாம். இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பயனில்லை. நானே வேலை செய்த ஒரு புராஜெக்டை எடுத்து, அதன் மேல் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேருந்து டிக்கெட் புக்கிங் செய்யும் நிறுவனம் அது. பயணி பணம் கட்டியதும் எஸ்எம்எஸ் போக வேண்டும், மின்னஞ்சலில் டிக்கெட் போக வேண்டும், பேருந்து நடத்துபவருக்கு இருக்கை விவரம் போக வேண்டும். ஆக, ஒரு டிக்கெட்டுக்கு மூன்று வேலைகள். முதலில் இவை எல்லாம் புக்கிங் நடக்கும் அந்த நொடியிலேயே நடந்தன. எஸ்எம்எஸ் கேட்வே மெதுவானால் புக்கிங்கும் மெதுவாகிவிடும். எனவே இந்த மூன்றையும் பின்னணிக்குத் தள்ள ஒரு கியூ தேவைப்பட்டது. ரேபிட்எம்க்யூ, காஃப்கா, ரெடிஸ் எல்லாம் பேசப்பட்டன. கடைசியில் ஏற்கெனவே இருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலேயே `jobs` என்று ஒரு டேபிள் போட்டு அதையே கியூவாக வைத்துக்கொண்டோம். 24 வொர்க்கர்கள் அதிலிருந்து வேலையை எடுத்துச் செய்தன.

"டேட்டாபேஸையா கியூவாக வைத்தீர்கள்? ஏன் காஃப்கா வைக்கவில்லை?" இதுதான் முதல் கேள்வி. புருவம் உயர்ந்துதான் இந்தக் கேள்வி வரும்.

இங்கே பலர் சொல்லும் பதில், "எங்கள் அளவுக்கு அது அதிகப்படி." இது பதில் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே எண் இல்லை. எங்கள் அளவு என்ன? சாதாரண நாளில் 40,000 டிக்கெட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாட்களில் ஐந்து மடங்கு, அதாவது 2 லட்சம். ஒன்றுக்கு மூன்று வேலை என்றால் நாளுக்கு 6 லட்சம். அதில் ஆறில் ஒரு பங்கு உச்ச நேரத்தின் ஒரே மணியில் வந்து குவியும் என்று வைத்தால் 1 லட்சம், நொடிக்கு 28 வேலை. அந்த மணிக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் இரு மடங்காக எடுத்து நொடிக்கு 60 என்று கணக்கிட்டோம். ஒரு நடுத்தர சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் இதைப் போலப் பல மடங்கு சிறு டிரான்சாக்ஷன்களைத் தாங்கும்.

எண்ணைச் சொல்லும்போது அது வந்த வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனப்பாடமாகச் சொன்ன எண்ணைச் சோதிப்பது கேட்பவருக்கு எளிது. "ஒரு பதிவு எத்தனை பைட்?" என்பார். டிக்கெட் எண்ணும் வேலையின் வகையும் மட்டும்தான் என்பதால் சுமார் 200 பைட். 6 லட்சத்தால் பெருக்கினால் நாளுக்கு 120 எம்பி. "எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?" வைத்திருக்கவில்லை, வேலை முடிந்ததும் நீக்கிவிட்டோம். ஒரு எண் இன்னொரு எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவே இந்தக் கேள்விகள் வருகின்றன. உண்மையில் வேலை செய்தவரின் எண்கள் ஒன்றுக்கொன்று உறவாக இருக்கும். நினைவில் இல்லாத எண்ணைக் கற்பித்துச் சொல்வதைவிட, "துல்லியமாக ஞாபகம் இல்லை, ஆனால் இப்படிக் கணக்குப் போட்டால் இந்த அளவில்தான் வரும்" என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டலாம்.

ஆனால் லோடு குறைவு என்பது காஃப்கா தேவையில்லை என்பதற்குத்தான் காரணம். டேபிளை ஏன் வைத்தோம் என்பதற்கு அது காரணமாகாது. நல்ல கேள்வியாளர் இதைப் பிடித்துவிடுவார். "சரி, லோடு குறைவு. ரேபிட்எம்க்யூ சின்னது தானே, அதை வைத்திருக்கலாமே?"

இங்கேதான் எங்கள் முடிவின் உண்மையான வேர் இருந்தது. புக்கிங் பதிவாவது டேபிளில், வேலையைச் சொல்வது வேறொரு மென்பொருளில் என்றால் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். புக்கிங்கைக் கமிட் செய்துவிட்டு ரேபிட்எம்க்யூவுக்குச் செய்தி அனுப்புவதற்குள் சர்வர் விழுந்தால், பயணி பணம் கட்டியிருப்பார், எஸ்எம்எஸ் வராது. வரிசையை மாற்றி, முதலில் செய்தி, பிறகு கமிட் என்று வைத்தால், கமிட் தோற்றுப்போன புக்கிங்குக்கு "உங்கள் டிக்கெட் உறுதி" என்று எஸ்எம்எஸ் போய்விடும். `jobs` டேபிள் அதே டேட்டாபேஸில் இருப்பதால் புக்கிங் பதிவும் மூன்று வேலைப் பதிவுகளும் ஒரே டிரான்சாக்ஷனில் போகின்றன. நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

ரேபிட்எம்க்யூ வைத்தாலும் இந்தப் பிரச்சினை தீராது. அதைத் தீர்க்க வழக்கமாகச் செய்வது, அனுப்ப வேண்டிய செய்தியை முதலில் புக்கிங்கோடு ஒரு டேபிளில் எழுதிவைத்து, பிறகு ஒரு புரோகிராம் அதைப் படித்து ரேபிட்எம்க்யூவுக்குக் கடத்துவது. இதை அவுட்பாக்ஸ் என்பார்கள். அதாவது எப்படிப் போனாலும் ஒரு டேபிள் வந்தே தீரும். வரப்போகும் டேபிளிலிருந்தே நேராக வேலையை எடுத்துவிட்டால் நடுவில் இன்னொரு மென்பொருள் எதற்கு என்பதுதான் எங்கள் வாதம். இந்தப் பதிலுக்குப் பிறகு முதல் கேள்வி முடிந்துவிடும். அடுத்த கேள்வி டேபிளுக்கு உள்ளே இறங்கும்.

"24 வொர்க்கர் ஒரே டேபிளில் கை வைத்தால் இரண்டு பேர் ஒரே வேலையை எடுக்க மாட்டார்களா?"

வேலையை எடுத்த கட்டளை இதுதான்:

```sql
UPDATE jobs
SET run_at = now() + interval '2 minutes',
    attempts = attempts + 1
WHERE id = (
  SELECT id FROM jobs
  WHERE run_at <= now()
  ORDER BY run_at
  LIMIT 1
  FOR UPDATE SKIP LOCKED
)
RETURNING id, kind, ticket_id;
```

`FOR UPDATE` மட்டும் இருந்தால் எல்லா வொர்க்கர்களும் முதல் பதிவையே பிடிக்கப் போய் ஒருவர் பின் ஒருவராகக் காத்துக் கிடப்பார்கள். `SKIP LOCKED` சேர்த்தால், வேறொருவர் பூட்டிவைத்த பதிவைத் தாண்டி அடுத்ததை எடுக்கும். 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5-இல்தான் இந்த வசதி சேர்ந்தது. சில பதிவுகளை விட்டுவிட்டுக் காட்டுவதால் பொதுவான வேலைகளுக்கு இது ஏற்றதல்ல என்றும், கியூ போன்ற டேபிள்களுக்குப் பயன்படும் என்றும் போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது.

இந்தக் கட்டளையில் இன்னொரு முடிவு ஒளிந்திருக்கிறது. வேலையை எடுத்த உடனே `run_at` நேரத்தை 2 நிமிடம் தள்ளிவைத்துக் கமிட் செய்துவிடுகிறோம். பூட்டு அங்கேயே விடுபடுகிறது. எஸ்எம்எஸ் அனுப்புவது அதற்குப் பிறகுதான். அனுப்பி முடிந்ததும் பதிவை நீக்குகிறோம். வொர்க்கர் நடுவில் செத்துப்போனால் பதிவு அப்படியே கிடக்கும்; 2 நிமிடம் கழித்து வேறொரு வொர்க்கர் அதை எடுக்கும்.

"பூட்டை வைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கலாமே? வொர்க்கர் செத்தால் டேட்டாபேஸே பூட்டை விடுவித்துவிடும். 2 நிமிடம் காத்திருக்கவும் வேண்டாம்." இது நியாயமான கேள்வி, அந்த வழியை நாங்களும் யோசித்தோம். அதன் விலை, கேட்வே பதில் சொல்லும் வரை டிரான்சாக்ஷன் திறந்தே இருக்கும். அங்கே ஏதாவது கோளாறு என்றால் 24 டிரான்சாக்ஷன்களும் கேட்வேயின் காலக்கெடுவான 20 நொடி வரை திறந்து கிடக்கும். திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன் போஸ்ட்கிரெஸின் குப்பை அள்ளும் வேலையைத் தடுக்கும். இதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் விரிவாகச் சொல்கிறேன். வெளியாருடைய சர்வரின் மெத்தனம் நம் டேட்டாபேஸின் உடம்பைப் பாதிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அதற்குக் கொடுத்த விலை அந்த 2 நிமிடம்.

"ஏன் 2 நிமிடம்?" இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். முடிவை எடுத்தவரையும் வேறிடத்திலிருந்து பார்த்து எழுதியவரையும் இது பிரித்துக் காட்டிவிடும். கேட்வேக்கு நாங்கள் வைத்த காலக்கெடு 20 நொடி. அதைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வொர்க்கர் இன்னும் வேலையில் இருக்கும்போதே இரண்டாவது வொர்க்கர் அதே வேலையை எடுத்துவிடும். சர்வர் திணறும் நேரங்களையும் சேர்த்து ஆறு மடங்கு வைத்தோம். அப்படியானால் 10 நிமிடம் வைத்திருக்கலாமே என்றால், புது வெர்ஷன் ஏற்றும்போது வொர்க்கர்களை நிறுத்துகிறோம். அப்போது கையில் இருந்த வேலைகள் அத்தனை நிமிடம் தேங்கும். கோயம்பேட்டில் நின்றுகொண்டு கடைசி நேரத்தில் டிக்கெட் போட்டவர்கள் உண்டு. பேருந்து புறப்படக் கால் மணி இருக்கும்போது எஸ்எம்எஸ் 10 நிமிடம் தாமதிப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். கீழ்ப்பக்கம் கேட்வேயின் 20 நொடி, மேல்பக்கம் பயணியின் பொறுமை. இரண்டுக்கும் நடுவில் 2 நிமிடம். எந்த எண்ணையும் இப்படி இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துச் சொல்ல முடிந்தால் அதற்கு மேல் அந்த இடத்தில் கேள்வி வராது.

அடுத்தது இயல்பாக இங்கேதான் வரும். "அப்படியானால் ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போகலாம் அல்லவா?" போகலாம். கேட்வேக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்து, நாம் பதிவை நீக்குவதற்குள் வொர்க்கர் விழுந்தால் இன்னொரு முறை போகும். இதை மறைக்க வேண்டாம், நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். ஒரு முறையாவது போகும் என்பதற்கும் ஒரு முறைக்கு மேல் போகாது என்பதற்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு எஸ்எம்எஸ் வந்தால் பயணிக்குச் சின்ன எரிச்சல். ஒன்றும் வராவிட்டால் நடத்துநரிடம் காட்ட அவர் கையில் எதுவும் இல்லை. எனவே முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

"காஃப்காவில் சரியாக ஒரே முறை என்ற உத்தரவாதம் இருக்கிறதே?" இருக்கிறது, 2017-இல் வந்த 0.11 வெர்ஷனிலிருந்து. ஆனால் அந்த உத்தரவாதம் காஃப்காவிலிருந்து படித்துக் காஃப்காவிலேயே எழுதும் வரைக்கும்தான். எஸ்எம்எஸ் கேட்வே அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. எந்தக் கியூவை வைத்தாலும், "அனுப்பிவிட்டேன்" என்று குறிப்பதற்குள் விழுந்தால் இரண்டாம் முறை போகத்தான் செய்யும்.

இன்னும் கெட்டிக்காரர் இப்படிக் கேட்பார்: "ரீஃபண்டும் இதே கியூவில்தான் போனதா?" ஆமாம், ரீஃபண்டும் இதில்தான் போனது. ஆனால் பணம் இரண்டு முறை போவதைச் சின்ன எரிச்சல் என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்கு மட்டும் புக்கிங் எண்ணிலிருந்து உருவாக்கிய ஒரு மாறாத சாவியைப் பேமெண்ட் கேட்வேக்கு அனுப்பினோம். அதே சாவியோடு இரண்டாம் முறை வந்தால் கேட்வே புதிதாகப் பணம் அனுப்பாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். கியூ ஒன்றுதான், ஆனால் உள்ளே ஓடும் இரண்டு வேலைகளுக்கும் இரண்டு விதமான பேரம். ஒரே முடிவு எல்லா இடத்திலும் சரி என்று பேசுபவரை நம்புவது கஷ்டம். எங்கே பொருந்தாது என்று தெரிந்து அங்கே வேறு ஏற்பாடு செய்தவர் சொல்வதை நம்பலாம்.

வொர்க்கர்கள் நொடிக்கொரு முறை டேபிளைத் தட்டிப் பார்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் நொடிக்கு 24 சிறு கேள்விகள், அது ஒரு பொருட்டே இல்லை. `LISTEN`, `NOTIFY` வைத்தால் உடனே தெரியும் என்பது உண்மை. ஆனால் கேட்க ஆள் இணைப்பில் இல்லாத நேரத்தில் வந்த அறிவிப்பு தொலைந்துவிடும் என்பதால் தட்டிப் பார்ப்பதை விடவும் முடியாது. எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு நொடித் தாமதம் பரவாயில்லை என்று அதோடு விட்டுவிட்டோம்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். "இந்த வடிவமைப்பு எங்கே உடையும்?"

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை மாற்றினால் பழைய வடிவம் அங்கேயே கிடக்கும், புதியது பக்கத்தில் எழுதப்படும். நீக்கினாலும் உடனே போகாது, செத்தது என்ற நிலையில் கிடக்கும். பிறகு வேக்யூம் என்ற வேலை வந்து அள்ளிக்கொண்டு போகும். எங்கள் கியூவில் ஒவ்வொரு வேலையும் ஒரு முறை எழுதப்பட்டு, ஒரு முறை மாற்றப்பட்டு, ஒரு முறை நீக்கப்படுகிறது. ஆக ஒரு வேலைக்கு இரண்டு செத்த வடிவங்கள், நாளுக்கு 12 லட்சம். வேக்யூம் ஒழுங்காக ஓடும் வரை இது பிரச்சினை இல்லை. டேபிள் எப்போதும் ஏறக்குறைய காலியாகவே இருப்பதால் கொஞ்சம் குப்பை சேர்ந்தாலே தானியங்கி வேக்யூம் கிளம்பிவிடும்.

ஆனால் வேக்யூமுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேறு எந்த டிரான்சாக்ஷனாவது அந்தப் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றால் அதை அள்ளாது. அதே டேட்டாபேஸில் கணக்குப் பிரிவு மூன்று மணி நேரம் ஓடும் ஒரு ரிப்போர்ட்டைத் தொடங்கினால், தொடங்கிய நேரத்துக்குப் பிறகு செத்த எதையும் வேக்யூம் தொடாது. அந்த ரிப்போர்ட் `jobs` டேபிளை எட்டிக்கூடப் பார்க்காவிட்டாலும் அப்படித்தான். உச்ச நேரத்தில் மணிக்கு 2 லட்சம் செத்த வடிவங்கள் சேரும். வொர்க்கர் மிகப் பழைய `run_at`-இலிருந்து தேடத் தொடங்குகிறது. செத்தவையெல்லாம் அந்த முனையில்தான் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்து, செத்தது என்று தெரிந்து, தாண்டி, கடைசியில்தான் உயிருள்ள பதிவு கிடைக்கும்.

இதன் விளைவைக் கணக்காகவே காட்டலாம். ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப சராசரி 300 மில்லிநொடி. 24 வொர்க்கர்கள் நொடிக்கு 80 வேலை முடிப்பார்கள். வருவது 60, எனவே இடைவெளி இருக்கிறது. வேலையை எடுப்பதற்கு வழக்கமாக ஒரு மில்லிநொடிகூட ஆகாது. குப்பை குவிந்து அது 200 மில்லிநொடி ஆகிவிட்டால், ஒரு வேலைக்கு மொத்தம் அரை நொடி. 24 வொர்க்கர்கள் நொடிக்கு 48 தான் முடிக்க முடியும். வருவதோ 60. கியூ நீளத் தொடங்கும், ரிப்போர்ட் முடியும் வரை நீண்டுகொண்டே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கியூவில் இருக்கும் வேலைகள் சில நூறுதான், ஆனால் வேலையை எடுக்கும் நேரம் ஏறுகிறது என்றால் இதுதான் முதல் அறிகுறி. `pg_stat_user_tables`-இல் `n_dead_tup` ஏறிக்கொண்டே போகும், வேக்யூம் ஓடிய பிறகும் இறங்காது. `pg_stat_activity`-இல் `xact_start` பார்த்தால் மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன் ஒன்று தெரியும். இந்த மூன்றையும் நேர்காணலில் சொல்ல முடிந்தவர் அந்தக் கியூவோடு குடித்தனம் நடத்தியவர் என்பதில் சந்தேகம் வராது.

நாங்கள் செய்தது, ரிப்போர்ட்டுகளை ஒரு ரெப்ளிகாவுக்கு நகர்த்தினோம். "அதனால் மட்டும் தீர்ந்துவிடுமா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ரெப்ளிகாவில் `hot_standby_feedback` என்ற அமைப்பு இயங்கினால், அங்கே ஓடும் ரிப்போர்ட்டும் முதன்மை சர்வரின் வேக்யூமை அதே போலத் தடுக்கும். குப்பை மறுபடி சேரும், காரணம் மட்டும் வேறு சர்வரில் மறைந்திருக்கும். அதை அணைத்துவைத்தால் முதன்மை சர்வர் சுத்தமாக இருக்கும், ஆனால் முதன்மையில் அள்ளப்பட்டதை ரெப்ளிகாவும் அள்ள வேண்டிவரும்போது ரிப்போர்ட்டையே நிறுத்திவிடும். திரையில் `canceling statement due to conflict with recovery` என்று வரும். இயல்பாக 30 நொடி பொறுக்கும். அந்தப் பொறுமையை `max_standby_streaming_delay` மூலம் நீட்டலாம். நீட்டினால் ரிப்போர்ட் முடியும் வரை ரெப்ளிகா பின்தங்கி நிற்கும். கணக்குப் பிரிவிடம் கேட்டோம். சில மணி நேரம் பழைய விவரம் இருந்தால் பரவாயில்லை, அவர்கள் பார்ப்பது நேற்றைய கணக்கைத்தான் என்றார்கள். அதனால் அமைப்பை அணைத்து, பொறுமையை நீட்டினோம். பின்தங்கும் ரெப்ளிகாவை அவசரத்துக்கு முதன்மையாக உயர்த்த முடியாது என்பதால், அதற்கான ரெப்ளிகாவைத் தனியாகவே வைத்திருந்தோம்.

அப்போது அவர் கேட்டது இன்னும் கூர்மை. "ரேபிட்எம்க்யூவுக்கு இன்னொரு சர்வர் வேண்டாம் என்றீர்கள். கடைசியில் ரிப்போர்ட்டுக்காக ஒரு சர்வர் வாங்கியிருக்கிறீர்களே. அப்புறம் மிச்சம் என்ன?"

இந்த மாதிரிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்பு சொன்னதற்கும் இப்போது சொன்னதற்கும் முரண் வந்துவிட்டதாகத் தோன்றும். அவசரப்படாமல் கணக்கைப் பிரிக்க வேண்டும். அந்த ரெப்ளிகா எப்படியும் வரவிருந்தது, ஏனென்றால் பகலில் ஓடும் ரிப்போர்ட்டால் புக்கிங் பக்கமும் திணறிக்கொண்டிருந்தது. கியூவின் கணக்கில் அதை முழுவதும் எழுத முடியாது. ஆனால் அது வரவிருக்காத நிறுவனமாக இருந்தால் அந்தச் செலவு முழுக்க இந்த முடிவின் தலையில்தான் விழும், அப்போது பேரம் வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டாவது பகுதியையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். எதிரே இருப்பவர் சொன்னதில் நியாயம் இருக்கும் அளவுக்கு ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதுதான் இங்கே தேவைப்படும் திறமை.

சர்வரைவிட எங்களுக்குப் பெரிதாக இருந்தது ஆள் கணக்கு. ராத்திரி அழைப்புக்கு மாறி மாறி இருந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் போஸ்ட்கிரெஸின் பேக்கப், மீட்பு, அப்கிரேட் எல்லாம் கைவசம். ரேபிட்எம்க்யூவை நம்பகமாக நடத்த மூன்று நோடு வேண்டும். நோடுகளுக்கிடையே தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள் வேண்டும். "கற்றுக்கொண்டிருக்கலாமே?" என்றால், கற்றுக்கொண்டிருக்கலாம்தான். தீபாவளி புக்கிங்குக்கு முன்பு ஓட வேண்டும் என்று தேதி இருந்தது. "அமேசானின் எஸ்க்யூஎஸ் எடுத்திருந்தால் பராமரிப்பே இல்லையே?" நிறுவனத்தின் சர்வர்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்த டேட்டா சென்டரில் இருந்தன. கிளவுடுக்குப் போவதில்லை என்பது எங்களுக்கு மேலே எடுக்கப்பட்ட முடிவு.

"ஏன்" என்ற சங்கிலி எங்கேயாவது ஓர் இடத்தில் நமக்கு மேலே இருப்பவரின் முடிவில் போய் முட்டும். அப்போது அதற்கும் காரணம் கற்பிக்கத் தொடங்கினால் இதுவரை சொன்னதன் மேலும் சந்தேகம் விழும். "அது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரம்பு. அவர்கள் சொன்ன காரணம் மாதச் செலவு. அந்தக் கணக்கை நான் பார்த்ததில்லை. அந்த வரம்பு இல்லாதிருந்தால் எஸ்க்யூஎஸ்ஸை முதலில் பரிசீலித்திருப்பேன், ஆனால் அவுட்பாக்ஸ் டேபிள் அப்போதும் இருந்திருக்கும்." இவ்வளவு போதும். புராஜெக்டின் முடிவையே உங்கள் சீனியர் எடுத்திருந்தாலும் இதே வழிதான். முடிவு அவருடையது என்று சொல்லுங்கள். அதன் விளைவோடு வேலை செய்தது நீங்கள் என்பதால் அது எங்கே பாரமானது என்று உங்களால் சொல்ல முடியும்.

இந்த விவரங்கள் எல்லாம் வருடங்கள் கழித்து நினைவில் இருக்காது. மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த ஒரு வழக்கம் இங்கே உதவும். ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் ஓரிரு பக்கத்தில் சூழ்நிலை என்ன, முடிவு என்ன, அதனால் வரும் நல்லதும் கெட்டதும் என்ன என்று அன்றைக்கே எழுதிவைப்பது. நாங்களும் எழுதினோம். முடிவை எப்போது மறுபரிசீலனை செய்வது என்ற ஒரு வரியையும் அதோடு சேர்த்தோம். நேர்காணலில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த வரிதான். ஏனென்றால் கடைசிக் கேள்வி எப்போதும் அதுதான்: "எப்போது காஃப்காவுக்குப் போவீர்கள்?"

லோடு ஏறும்போது என்று சொல்வது எளிது. நொடிக்கு 60 என்பது ஆயிரங்களைத் தொட்டால் குப்பையின் கணக்கே மாறிவிடும், அப்போது போக வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்பே வேறொரு காரணம் வரும் என்று எழுதிவைத்திருந்தோம். எங்கள் டேபிளில் ஒரு வேலையை ஒருவர் எடுத்தால் அது தீர்ந்தது, நீக்கப்பட்டுவிட்டது. நாளைக்கு மோசடி கண்டறியும் பிரிவு ஒன்று வந்து, "எல்லா புக்கிங்கையும் நாங்களும் பார்க்க வேண்டும், போன வாரத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் இந்த டேபிளால் முடியாது. பல பேர் தங்கள் தங்கள் வேகத்தில் படிப்பதும், பின்னால் போய்த் திரும்பப் படிப்பதும் காஃப்காவின் இயல்பு. லோடு நொடிக்கு 60 ஆகவே இருந்தாலும் இரண்டாவது வாசகர் வந்த அன்று எங்கள் வாதத்தில் பாதி போய்விடும்.

"சரி, அன்று எவ்வளவு வேலை ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். புக்கிங் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டாம். அது அதே டிரான்சாக்ஷனில் அதே டேபிளில் எழுதிக்கொண்டிருக்கும். `jobs` டேபிள் அவுட்பாக்ஸாக மாறும். 24 வொர்க்கர்களுக்குப் பதிலாக ஒரு புரோகிராம் அதிலிருந்து எடுத்துக் காஃப்காவில் எழுதும். எஸ்எம்எஸ் வொர்க்கர்கள் டேபிளுக்குப் பதிலாகக் காஃப்காவிலிருந்து படிப்பார்கள். அனுப்பும் நிரல், ரீஃபண்டின் சாவி எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாக எழுத வேண்டியது கடத்தும் அந்த ஒரு புரோகிராமும், வொர்க்கர்கள் காஃப்காவிலிருந்து படித்துத் திரும்ப முயலும் பகுதியும். அதற்குப் பிறகு மூன்று நோடு காஃப்காவை ராத்திரியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.